கண்ணதாசனைக் கேட்டால் கன்னடப் பாட்டு வருவது ஏன்? ஸ்மார்ட் ஸ்பீக்கரிடம் தமிழ்ப் பாடல் கேட்கும் முறை

காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் வீட்டில், சென்ற ஆண்டு சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வந்தபோது ஒரு ஸ்மார்ட் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து, வளவில் இருக்கும் மர அலமாரியின் மேல் வைத்துவிட்டுப் போனார். எண்பது வயதைக் கடந்த அப்பத்தாவுக்குப் பழைய பாடல்கள் என்றால் உயிர்; அதிலும் சிறுகூடல்பட்டியில் 1927-இல் பிறந்த கண்ணதாசன் எழுதியவை என்றால் அவர்களுக்குச் சொந்த ஊர்க்காரர் வீட்டுக்கு வந்தது போன்ற மகிழ்ச்சி. கருவியை எழுப்பும் சொல்லைச் சொல்லிவிட்டு “பிளே கண்ணதாசன் சாங்ஸ்” என்று கேட்கும்படி நான் சொல்லிக்கொடுத்தேன். அவர்களும் திருத்தமாகவே கேட்டார்கள். கருவி ஒரு நொடி யோசித்துவிட்டு, கன்னடப் பாடல் ஒன்றைப் போட்டது. “ஏன் ராசா, கண்ணதாசனைக் கேட்டா வேற யாரோ வேற பாஷையில பாடுறாகளே?” என்று அப்பத்தா என்னைப் பார்த்தார்கள்.

அந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான், தமிழ்ப் பாடல் கேட்கிற எல்லோருக்கும் நேர்கிற குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே எடுத்துக்காட்டுக்குள் அடங்கியிருப்பது எனக்குப் புரிந்தது. ஆகவே இந்தக் கட்டுரை முழுவதும் இதையே வைத்துக்கொண்டு, கருவிக்குள் என்ன நடக்கிறது, தவறு எந்த இடத்தில் நேர்ந்தது என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்று விளக்குகிறேன்.

நாம் பேசியவுடன் கருவி நம் சொல்லை அப்படியே புரிந்துகொண்டு பாடலை எடுத்துவிடுவதில்லை. அங்கே மூன்று வேலைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. முதலில், தன்னை எழுப்பும் சொல் காதில் விழுகிறதா என்று மட்டும் கருவி ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கும். அந்தச் சொல் விழுந்ததும் விளக்கு எரியும். அதன் பிறகு நாம் பேசுவது இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குப் போகும். அங்கே நம் குரல் எழுத்தாக மாற்றப்படுகிறது. இது இரண்டாவது வேலை. மூன்றாவதாக, அந்த எழுத்தைப் படித்து, இவர் பாடல் கேட்கிறார், இன்ன பெயரைக் கேட்கிறார் என்று பிரித்தறிந்து, பாடல் சேவையின் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடுகிறது. கிடைத்ததைப் போடுகிறது.

இதில் இரண்டாவது வேலையைப் பற்றித் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் நாட்டில் பரவலாக விற்கும் அலெக்சா வகைக் கருவிகள் 2017-இல் ஆங்கிலத்தோடு வந்தன. 2019-இல் ஹிந்தி சேர்ந்தது. கூகுள் ஸ்பீக்கர்களிலும் நமக்குப் பயன்படும் தேர்வுகள் இதே இரண்டு மொழிகள்தான். அதாவது நாம் தமிழ்ப் பாடலைக் கேட்டாலும், கேட்டுக்கொண்டிருக்கும் காது ஆங்கிலக் காது. அது தன் காதில் விழுந்த ஒலியை ஆங்கில எழுத்துகளில், தனக்குத் தெரிந்த சொற்களாக எழுதிக்கொள்கிறது. தெரியாத ஒலி வந்தால், அதற்கு மிக நெருக்கமான, பலர் அடிக்கடி கேட்கிற சொல்லை அந்த இடத்தில் வைத்துவிடுகிறது. வேற்றூர்க்காரர் ஒருவரிடம் “கானாடுகாத்தான்” என்று ஊர்ப்பெயரைச் சொன்னால் அவர் தமக்குத் தெரிந்த ஏதோ ஒரு பெயராக அதைக் காதில் வாங்கிக்கொள்வதில்லையா, அதே செயல்தான் இது.

ஆங்கிலம் என்று சொன்னாலும் அதிலும் வகை உண்டு. வெளிநாட்டிலிருந்து வந்த கருவி என்பதால் எங்கள் வீட்டில் அமெரிக்க ஆங்கிலமே அமைப்பில் இருந்தது. செட்டிநாட்டில் பல வீடுகளில் இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் வாங்கி அனுப்புவதை நாம் அப்படியே மின்சாரத்தில் மாட்டிவிடுகிறோம். செயலியைத் திறந்து, அந்தக் கருவியின் அமைப்புப் பக்கத்தில் `Language` என்ற இடத்துக்குப் போய் `English (India)` என்று மாற்றுவதுதான் முதல் வேலை. இந்தியர்கள் ஆங்கிலம் பேசும் விதத்துக்கும் இந்தியப் பெயர்களுக்கும் பழக்கப்பட்ட காது அது. இதை மாற்றாமல் வேறு எதைச் செய்தாலும் பாதிப் பலன்தான் கிடைக்கும்.

தவறு காதிலா, தேடலிலா?

கேட்டது வரவில்லை என்றால் நாம் எல்லோரும் உடனே செய்வது, அதையே இன்னும் சத்தமாகச் சொல்வது. அதற்கு முன்னால் ஒரு நிமிடம் செலவழித்து, தவறு இரண்டாவது வேலையில் நேர்ந்ததா, மூன்றாவது வேலையில் நேர்ந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் இரண்டுக்கும் மருந்து வேறு. காது தவறாக எழுதியிருந்தால் நாம் சொல்லும் விதத்தை மாற்ற வேண்டும். காது சரியாக எழுதி, தேடல் தவறான பாடலை எடுத்திருந்தால், எவ்வளவு திருத்தமாகச் சொன்னாலும் பயன் இல்லை. நாம் கேட்கும் பொருளையே மாற்ற வேண்டும்.

இதைக் கண்டறிய இரண்டு வழிகள் உள்ளன. நாம் பேசியதைக் கருவி எப்படி எழுதிக்கொண்டது என்பது செயலியில் பதிவாகியிருக்கும். அலெக்சா செயலியில் `More` என்பதில் `Activity`, அதற்குள் `Voice History` என்ற பகுதியில் அதைப் பார்க்கலாம். பதிப்பு மாறும்போது இந்த இடமும் சற்று மாறுவதுண்டு. கூகுள் கணக்கென்றால் `myactivity.google.com` என்ற பக்கத்தில் இருக்கும். அலெக்சாவிடம் “டெல் மீ வாட் யூ ஹேர்ட்” என்று வாயாலேயே கேட்டாலும் தான் கேட்டது என்ன என்று சொல்லிவிடும். இரண்டாவது வழி, பேசாமல் தட்டச்சு செய்து பார்ப்பது. கைப்பேசிச் செயலியில் விசைப்பலகையைத் திறந்து, அதே கட்டளையை எழுதி அனுப்ப வேண்டும். எழுதும்போது சரியான பாடல் வந்து, பேசும்போது மட்டும் வராவிட்டால் தவறு காதில். எழுதினாலும் வராவிட்டால் தவறு தேடலில். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதுவே மிகத் தெளிவானது.

அப்பத்தாவின் கட்டளையை நான் செயலியில் பார்த்தபோது இப்படி இருந்தது:

```
play kannada songs
```

ஆக, தவறு காதில். ஆனால் ஏன் இப்படி? கண்ணதாசன் என்ற பெயரில் வரும் ‘தா’வையும், கன்னடம் என்பதில் வரும் ‘ட’வையும் நம் காது எளிதில் பிரித்துவிடும்; ஆங்கிலத்துக்கு இரண்டும் `d` என்ற ஒரே எழுத்து. ‘ண்ண’, ‘ன்ன’ என்ற வேறுபாடும் அங்கே இல்லை. அதோடு, பெயரின் கடைசியில் வரும் ‘சன்’ முடிவதற்குள் ‘சாங்ஸ்’ என்று அதே சகர ஒலியில் அடுத்த சொல் தொடங்கிவிடுகிறது. விரைவாகச் சொல்லும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகக் கேட்கின்றன. இவ்வளவும் சேர்ந்த பிறகு, ‘கன்னட சாங்ஸ்’ என்பதோ பல்லாயிரம் பேர் அன்றாடம் கேட்கிற தொடர். ஐயத்துக்கிடமான ஒலி வந்தால் அடிக்கடி வருகிற தொடரின் பக்கமே கருவி சாயும். அப்பத்தா சொன்னதில் எந்தப் பிழையும் இல்லை.

இதற்குத் தீர்வு, சொற்களின் வரிசையை மாற்றுவது. பெயரையும் ‘சாங்ஸ்’ என்ற சொல்லையும் பிரித்துவிட்டு, “பிளே தமிழ் சாங்ஸ் பை கண்ணதாசன்” என்று சொல்லச் சொன்னேன். இதில் இரண்டு நன்மைகள் உண்டு. பெயர் கடைசியில் தனியாக நிற்பதால் வேறு சொல்லோடு ஒட்டாது. முன்னதாகவே ‘தமிழ்’ என்று சொல்லிவிட்டதால் கன்னடம் என்ற ஊகத்துக்கு இடம் குறைகிறது. பாடலாசிரியர் பெயருக்கு மட்டுமன்றி, குழப்பம் தரும் எந்தப் பெயருக்கும் இந்த உத்தி பொருந்தும்: பெயரைக் கடைசியில் வை, முன்னால் மொழியைச் சொல். அடுத்த முறை பதிவில் இப்படி வந்தது:

```
play tamil songs by kannadasan
```

காது சரியாகிவிட்டது. ஆனால் வந்ததோ நாங்கள் எதிர்பார்த்த பாடல்கள் அல்ல. பொதுவான பழைய தமிழ்ப் பாடல்களின் தொகுப்பு ஒன்று ஓடத் தொடங்கியது. இனி இது தேடலின் தவறு. அதையே செயலியில் எழுதி அனுப்பியும் பார்த்தேன்; அப்போதும் அதே தொகுப்புதான்.

இங்கே பாடல் சேவைகள் தங்கள் பட்டியலை எப்படி வைத்திருக்கின்றன என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பாடலுக்கும் பாடலின் பெயர், படத்தின் பெயர், கலைஞர் என்று சில கட்டங்கள் இருக்கும். கலைஞர் என்ற கட்டத்தில் பெரும்பாலும் பாடியவர்களும் இசையமைத்தவரும்தான் இருப்பார்கள். பாட்டை எழுதியவர் பெயர் தனியே ஒரு விவரக்குறிப்பில் இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது. குரல் கட்டளை தேடும் இடமோ முதல் மூன்று கட்டங்கள். நமக்குப் பாட்டு என்றால் எழுதியவர் முதலில் நினைவுக்கு வருகிறார். காரைக்குடியில் அவருக்கு மணிமண்டபமே இருக்கிறது. அந்தப் பட்டியலிலோ அவருக்கு உரிய கட்டம் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிற குறை. தமிழ்த் திரையிசையைக் கேட்பவர்களின் பழக்கம் அறிந்து பட்டியல் அமைத்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

அதனால் கேட்கும் பொருளை மாற்ற வேண்டியதாயிற்று. எழுதியவர் பெயருக்குப் பதிலாகப் பாடியவர் பெயரையோ இசையமைத்தவர் பெயரையோ சொன்னால் தேடல் சரியான கட்டத்தில் போய் நிற்கும். “பிளே சாங்ஸ் பை டி.எம். சௌந்தரராஜன்” என்று கேட்டால் அவர் பாடியவை வரும். முன்னெழுத்துகளை விழுங்கிவிடாமல் ‘டி’, ‘எம்’ என்று தனித்தனியாக உச்சரிக்க வேண்டும். குறிப்பிட்ட ஒரு பாடலைக் கேட்பதானால் பாடலின் பெயர், அதன் பிறகு ‘ஃப்ரம்’ என்று சொல்லிப் படத்தின் பெயர், இந்த வரிசை நன்றாக வேலை செய்கிறது. ஒரே தொடக்கச் சொற்களைக் கொண்ட பாடல்கள் தமிழில் பல இருப்பதாலும், பழைய பாடல்களுக்குப் புதியவர்கள் பாடிய பதிவுகளும் வாத்தியத்தில் மட்டும் இசைத்த பதிவுகளும் பட்டியலில் கலந்து கிடப்பதாலும், படத்தின் பெயர் மிகவும் உதவும். அதற்கு மேல் விவரம் சேர்ப்பது நல்லதல்ல. நீளமான கட்டளையில் ஒரு சொல்லைக் கருவி தவறாக எழுதினாலும் மொத்தத் தேடலும் வழிமாறிவிடும்.

எழுத்துக்கூட்டல் பற்றியும் இங்கேயே ஒரு செய்தி சொல்லிவிடுகிறேன். பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் ஆங்கில எழுத்தில் இருப்பதால், ‘அழகு’ என்ற சொல் ஓரிடத்தில் `azhagu` என்றும் இன்னோரிடத்தில் `alagu` என்றும் இருக்கும். நாம் ழகரத்தை எவ்வளவு அழகாக ஒலித்தாலும் ஆங்கிலக் காது அதை ‘ர’ என்றோ ‘ல’ என்றோதான் வாங்கிக்கொள்ளும். ஒரு பாடல் தொடர்ந்து கிடைக்காவிட்டால், முதலில் கைப்பேசியில் அந்தப் பாடல் சேவையைத் திறந்து, பாடலைத் தேடி, அதன் பெயர் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு, தமிழ் தெரியாத ஒருவர் அந்த எழுத்துகளை எப்படி வாசிப்பாரோ அப்படி ஒருமுறை சொல்லிப் பாருங்கள். தமிழைக் கெடுத்துச் சொல்வது போல் இருக்கும். எனக்கும் அது பிடிப்பதில்லை. ஆனால் பலமுறை அதுதான் பாடலைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது.

வளவில் எதிரொலிக்கும் குரல்

சொல்லைத் திருத்திய பிறகும் எங்கள் வீட்டில் காலையில் சரியாகக் கேட்ட கட்டளை மாலையில் தவறாகப் போனது. காலையில் அப்பத்தா கருவிக்கு அருகில் அமர்ந்து கேட்டார்கள். மாலையில் முகப்புப் பக்கத்து வாயிலில் நின்றபடி கேட்டார்கள். வேறுபாடு அந்தத் தொலைவில்தான் இருந்தது.

செட்டிநாட்டு வீடுகளில் பேசினால் குரல் நெடுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். தரையில் ஆத்தங்குடிக் கல், சுவரில் கண்ணாடி போல வழவழப்பாகத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, உயரமான கூரை, தேக்குத் தூண்கள் என்று எல்லாமே குரலைத் திருப்பி அனுப்புகிற பரப்புகள். அதை உறிஞ்சிக்கொள்ளத் துணியோ மெத்தையோ மிகக் குறைவு. பத்து மீட்டருக்கு அப்பால் உள்ள சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி இருபது மீட்டர் பயணம் செய்கிறது. ஒலி ஒரு நொடியில் ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும் என்பதால், அது திரும்பிவர நொடியில் நூற்றில் ஆறு பங்கு ஆகும். ‘த’, ‘ட’, ‘ப’ போன்ற ஒரு மெய்யொலி நீடிக்கும் நேரமும் ஏறத்தாழ அந்த அளவுதான். ஆகவே முந்தைய எழுத்தின் எதிரொலி வந்து அடுத்த எழுத்தின் மேல் படிந்துவிடுகிறது. மனிதக் காது அதைப் பிரித்துக்கொள்ளும். கருவிக்கு ‘தா’வும் ‘டா’வும் ஒன்றாகிவிடும்.

இங்கே சத்தமாகச் சொல்வது ஏன் பயன்படாது என்பது விளங்கும். நாம் கத்தினால் நேராகப் போகும் குரலும் பெருகுகிறது, சுவரில் பட்டு வரும் எதிரொலியும் அதே அளவு பெருகுகிறது. குழப்பம் அப்படியே இருக்கிறது. அருகில் போய்ப் பேசினால் நேர்க்குரல் மட்டும் பெருகும், எதிரொலி ஏறக்குறைய முன்பிருந்த அளவிலேயே நிற்கும். நான்கு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு வந்து, இயல்பான குரலில் சொன்னாலே போதும். நாங்கள் கருவியை வளவிலிருந்து எடுத்து, அப்பத்தா படுக்கும் சிறிய அறையில் வைத்தோம். அங்கே கட்டில் மெத்தை, கொடியில் சேலைகள், தரையில் கோரைப்பாய் எல்லாம் இருப்பதால் எதிரொலி குறைவு. சுவரை ஒட்டி வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தோம். சுவரிலிருந்து இருபது சென்டிமீட்டராவது விலகி இருக்க வேண்டும் என்பது பொதுவான அறிவுரை. மின்விசிறிக்கு நேர் கீழேயும் வைக்க வேண்டாம்.

அறையை மாற்றும்போது வைஃபை எட்டுகிறதா என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். கனமான பழஞ்சுவர்கள் இரண்டைத் தாண்டினால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை பெரிதும் தளர்ந்துவிடும், 2.4 கிகாஹெர்ட்ஸ் சற்று மேலும் உள்ளே போகும். இணையம் விட்டுவிட்டு வந்தால் கருவி தவறாகக் கேட்காது. பதிலே சொல்லாது, அல்லது இணைப்பில் சிக்கல் என்று சொல்லும். அந்த அடையாளத்தை வைத்து இதைத் தனியே பிரித்தறியலாம்.

பேசும் வேகத்தில் வரும் சிக்கல் ஒன்றும் உண்டு. நாம் பேசுவதை நிறுத்தியவுடன் கட்டளை முடிந்துவிட்டது என்று கருவி எடுத்துக்கொள்ளும். வயதானவர்கள் “பிளே...” என்று தொடங்கி, படத்தின் பெயரை நினைவுபடுத்த ஒரு கணம் நிறுத்தினால், அதுவரை சொன்னதை மட்டும் வைத்துக்கொண்டு ஏதாவது ஒரு பாடலைப் போட்டுவிடும். பதிவில் கட்டளை பாதியில் அறுந்து நிற்பதைப் பார்த்தால், காரணம் இதுதான் என்று அறியலாம். முழு வாக்கியத்தையும் மனத்தில் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, பிறகே கருவியை எழுப்பும் சொல்லைச் சொல்ல வேண்டும். பாடல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால், எழுப்பும் சொல்லைச் சொன்னதும் ஒலி தானாகத் தாழும். விளக்கு எரிவதையும் ஒலி தாழ்வதையும் பார்த்த பிறகு மீதியைச் சொல்ல வேண்டும்.

டிபன் கேரியர்

இவ்வளவும் செய்த பிறகும் ஒரு குறை இருந்தது. அப்பத்தாவுக்கு வேண்டியவை கண்ணதாசன் எழுதிய, தமக்குப் பிடித்த சுமார் நாற்பது பாடல்கள். பாடியவர் பெயரைச் சொல்லிக் கேட்டால் மற்றவர்கள் எழுதியவையும் கலந்து வரும். எனவே பாடல் சேவையின் செயலியில் அந்த நாற்பதையும் கைப்பேசியில் ஒவ்வொன்றாகத் தேடிச் சேர்த்து, எங்களுக்கென்று ஒரு தொகுப்பு உருவாக்கினேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதுதான் இதில் முக்கியமான முடிவு.

முதலில் ‘கண்ணதாசன்’ என்றே வைக்க நினைத்தேன். அது மீண்டும் பழைய குழப்பத்தையே கொண்டுவரும். ஆங்கிலக் காது தடுமாறாமல் எழுதக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும். அப்பத்தா நாள்தோறும் வாயில் புழங்கும் சொல்லாகவும் இருக்க வேண்டும். எந்தப் பாடலுக்கோ பொதுத் தொகுப்புக்கோ பெயராக இருக்கக் கூடாது. ‘காபி’ என்று வைத்தால் அந்தப் பெயரில் எத்தனையோ தொகுப்புகள் ஏற்கெனவே இருக்கும். ஒரே சொல்லாக இருந்தால் வேறு சொல்லோடு மயங்கும். இறுதியில் `Tiffin Carrier` என்று வைத்தோம். அப்பத்தா அந்தச் சொல்லை அறுபது ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். கருவிக்கும் அது தெரிந்த சொல். “பிளே மை பிளேலிஸ்ட் டிபன் கேரியர்” என்று கேட்டால் வேண்டியது வருகிறது. இதில் ‘மை பிளேலிஸ்ட்’ என்ற இரண்டு சொற்களை விட்டுவிடக் கூடாது. அவை இருந்தால்தான் உலகத்துப் பட்டியல் முழுவதையும் தேடாமல் நம் தொகுப்புகளுக்குள் மட்டும் தேடும்.

அந்த வாக்கியமும் நீளம் என்பதால், அதை இன்னும் சுருக்கினோம். அலெக்சா செயலியில் `Routines` என்றும், கூகுள் ஹோம் செயலியில் `Automations` என்றும் ஒரு வசதி இருக்கிறது: நாம் இன்ன தொடரைச் சொன்னால் இன்ன வேலையைச் செய் என்று முன்கூட்டியே எழுதி வைப்பது. அலெக்சா செயலியில் அதைத் திறந்து, புதிதாக ஒன்று தொடங்கி, தூண்டுதலாகக் குரலைத் தேர்ந்தெடுத்து, சொல்ல வேண்டிய தொடரைத் தட்டச்சு செய்ய வேண்டும். செயல் என்ற இடத்தில் இசையைத் தேர்ந்தெடுத்து, தொகுப்பின் பெயரையும் எந்தப் பாடல் சேவை என்பதையும் குறிப்பிட்டு, எந்த ஸ்பீக்கரில் ஒலிக்க வேண்டும் என்று சொல்லிச் சேமித்துவிட வேண்டும். சேவையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், நம் தொகுப்பு இருக்கும் இடம் ஒன்று, கருவி தேடும் இடம் வேறு என்று ஆகிவிடும். தொகுப்பு கிடைக்கவில்லை என்று கருவி சொன்னால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வசதியில் எனக்கு மிகவும் பிடித்த பயன் ஒன்று உண்டு: கருவியின் தவறையே நாம் சாவியாக்கிக்கொள்ளலாம். அப்பத்தா ஆங்கிலச் சொல்லே இல்லாமல் “கண்ணதாசன் பாட்டு” என்று இயல்பாகக் கேட்டபோது பதிவில் இப்படி வந்தது:

```
kannada son part two
```

‘பாட்டு’ என்பது `part two` ஆகியிருக்கிறது. இதைத் திருத்த முயல்வதற்குப் பதிலாக, இந்த நான்கு சொற்களையே அப்படியே தூண்டுதல் தொடராக எழுதி, டிபன் கேரியர் தொகுப்போடு இணைத்துவிட்டேன். இப்போது அப்பத்தா தமிழிலேயே கேட்கிறார்கள், பாடல் வருகிறது. ஆனால் எல்லாச் சொல்லுக்கும் இது நடக்காது. ஒரே தொடரைச் சில முறை சொல்லிப் பதிவைப் பார்க்க வேண்டும். ஐந்தில் நான்கு முறையாவது ஒரே மாதிரி எழுதியிருந்தால்தான் இதை நம்பலாம். எங்கள் சோதனையில் நான்கு முறை மேலே உள்ளபடியும் ஒரு முறை `kannadasan part two` என்றும் வந்தது. ஆகவே இரண்டாவதையும் தனியே ஒரு தொடராகச் சேர்த்தேன். நாலு முறையும் நாலு விதமாக வந்தால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, டிபன் கேரியர் போல வேறு சொல்லைத் தேடுவதே நல்லது. கருவியின் மென்பொருள் புதுப்பிக்கப்படும்போது அது எழுதும் விதமும் மாறக்கூடும் என்பதால், திடீரென்று ஒரு நாள் இது வேலை செய்யாமல் போனால் பதிவை மறுபடியும் பார்த்துத் தொடரை மாற்றி எழுத வேண்டும்.

தொகுப்பில் இல்லாத, என்றோ ஒரு நாள் நினைவுக்கு வரும் பாடலுக்கு இந்த உத்திகள் எதுவும் உதவா. அதற்கு நாங்கள் கைப்பேசியை நாடுகிறோம். கைப்பேசியில் கூகுளின் குரல் தட்டச்சு 2017 முதல் தமிழை அறியும். விசைப்பலகையில் தமிழைத் தேர்ந்தெடுத்து, பாடல் செயலியின் தேடல் கட்டத்தில் ஒலிவாங்கிக் குறியைத் தொட்டு, பாடலின் முதல் அடியைத் தமிழிலேயே சொன்னால் தமிழ் எழுத்தில் வந்துவிடும். ழகரமும் கூடச் சரியாக வரும். ஸ்பீக்கரை புளூடூத் வழியாகக் கைப்பேசியோடு முன்பே இணைத்து வைத்திருந்தால், பாடல் ஸ்பீக்கரிலேயே ஒலிக்கும். அலெக்சா வகையாக இருந்தால் “பேர்” என்ற கட்டளை சொல்லி ஒரு முறை இணைத்துவிட்டால் போதும். கைப்பேசியை எடுத்துக்கொண்டு இரண்டாங்கட்டுக்குப் போய்விட்டால் மட்டும் பாட்டு விட்டுவிட்டுக் கேட்கும், அல்லது நின்றுவிடும். புளூடூத் எட்டும் தொலைவு, சுவர் இல்லாத இடத்திலேயே சுமார் பத்து மீட்டர்தான். அதனால் எங்கள் வீட்டில் பாட்டு முடியும்வரை கைப்பேசி அப்பத்தாவின் தலைமாட்டிலேயே இருக்கும்.